பாதியில் விட்ட பட்டத்தைச் சீவியில் எப்படி எழுதுவது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சீவிகளைத் தொடர்ந்து வாசிக்கிற யாருக்கும் ஒரு வரி பழகிப்போயிருக்கும். பட்டத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ரீடிங்’ என்று இருக்கும். சிலர் ‘பென்டிங்’ என்பார்கள், சிலர் தொடங்கிய வருடத்தை மட்டும் போட்டு முடிந்த வருடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். உண்மையில் படித்துக்கொண்டிருக்கிறவர்கள் அப்படி எழுதுவது சரிதான். ஆனால் கம்பஸை விட்டு மூன்று, நான்கு வருடமான பிள்ளைகளும் அதையேதான் எழுதுகிறார்கள். இதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. வீட்டில் அம்மா இன்னமும் சொந்தக்காரரிடம் “அவன் கம்பஸ் படிக்கிறான்” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே கலியாணக் கார்ட்டில்கூட பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவோம். அப்படிப்பட்ட ஊரில் ‘விட்டுவிட்டேன்’ என்று தன் கையால் எழுதுவது லேசான காரியமில்லை. இருந்தாலும் அந்த வரி அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற சேதத்தை நேரில் பார்த்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குக் கணக்கு வேலை. அதனால் சிறிய நிறுவனங்கள் கணக்கு உதவியாளர், காசாளர், களஞ்சியப் பொறுப்பாளர் போன்ற வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது நேர்முகத்தேர்வுக் குழுவில் வெளியாளாக என்னையும் கூப்பிடுவார்கள். 2023இல் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சீவியின் மேற்பகுதியில் வணிக நிர்வாகப் பட்டம், கிழக்குப் பல்கலைக்கழகம், ‘ரீடிங்’. அதற்குக் கீழே உயர்தரப் பெறுபேறு. அதற்கும் கீழே கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதிய அனுபவம். எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசி வரியில் இருந்த ஆள்தான்.

குழுத் தலைவர் முதலில் கேட்ட கேள்வி, “எந்த பெச் தம்பி?”

“2015/2016 சேர்.”

“அந்த பெச் முடிச்சு பட்டமளிப்பும் நடந்திட்டுதே?”

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு ஒரு ரிப்பீட் இருக்கு சேர், அதுதான்...” என்றார். அதுவும் உண்மைதான், அவருக்கு ஒரு ரிப்பீட் பாடம் இருந்தது. ஆனால் அவர் பட்டம் எடுக்காததற்கு அது காரணமில்லை. மூன்றாம் வருடத்திலேயே அவர் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். தலைவர் மேற்கொண்டு கேட்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் சீவியில் அந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அவர் போன பிறகு குழு பேசியதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. படிப்பை விட்டதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் ஹாட்வெயார் கடையைப் பற்றித்தான். “மூன்று வருசம் என்று போட்டிருக்கிறார், அது மூன்று வருசம்தானா?” “வங்கிக் கணக்கிணக்கம் செய்தேன் என்கிறார், செய்தாரா, பக்கத்தில் நின்று பார்த்தாரா?” கேள்விக்குறி ஒரு வரிக்குத்தான் போடப்பட்டது, ஆனால் பக்கம் முழுவதும் அதன் கீழ் வந்துவிட்டது. அந்த வேலை இன்னொருவருக்குப் போனது. அவருக்குக் கடையில் வேலை செய்த அனுபவம் கொஞ்சமும் இல்லை.

‘எந்த பெச்?’ என்ற கேள்வி

பெரிய நகரத்தில் ‘ரீடிங்’ என்ற வரி ஒருவேளை தப்பிவிடலாம். இங்கே தப்பாது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்த ஒருவர் அநேகமாக எந்தக் குழுவிலும் இருப்பார். அவர் இல்லாவிட்டால் அவருடைய தங்கையோ மச்சானோ அங்கே படித்திருப்பார். பெச் எது என்று தெரிந்தால் போதும், அவர்கள் எப்போது உள்ளே போனார்கள், எப்போது கடைசிப் பரீட்சை எழுதினார்கள், யார் முதல் வகுப்பு எடுத்தார்கள் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். பட்டமளிப்புப் படங்கள் முகநூலில் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு கம்பஸ்கள் மூடியதும், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியதும், இடையிடையே வேலைநிறுத்தங்கள் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் ஒன்றரை, இரண்டு வருடத் தாமதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் போனால் உடனே தெரிந்துவிடும்.

ஆள் எடுப்பவர் அந்த வரியில் தேடுவது என்ன என்பதும் முக்கியம். கணக்கு உதவியாளர் வேலைக்கு நாங்கள் உயர்தரமும் அனுபவமும்தான் கேட்டிருந்தோம். பட்டம் இல்லாதது குறையே இல்லை. குழுவுக்குத் தெரியவேண்டியவை இரண்டுதான். இந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பு, பரீட்சை என்று லீவு கேட்குமா? தன்னைப் பற்றிய ஒரு விபரத்தை நேராகச் சொல்லுமா? காசு கையாளுகிற வேலையில் இரண்டாவது கேள்விக்குக் கனம் அதிகம். ‘ரீடிங்’ என்ற வரி முதல் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, இரண்டாவதுக்குப் பாதகமான பதிலைச் சொல்லிவிடுகிறது.

அந்த வரியைத் திருத்தியது

சில மாதம் கழித்து அந்தத் தம்பியே ஒரு சொந்தக்காரர் மூலம் என்னிடம் வந்தார். “அண்ணன், சீவிய ஒருக்கா பார்த்துத் தாங்களன்” என்றார். கம்பஸ் வரி அப்படியேதான் இருந்தது. நான் முதலில் சீவியை மூடி வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லச் சொன்னேன். 2017இல் போனார். முதல் இரண்டு வருடமும், அதாவது நான்கு செமஸ்டரும், பரீட்சை எழுதினார். வியாபாரப் புள்ளிவிபரவியல் ஒன்று மட்டும் ரிப்பீட். மூன்றாம் வருடம் தொடங்கி கொஞ்ச நாளில் கொரோனா வந்து மூடினார்கள். அந்த நேரம் தகப்பனுக்குப் பாரிசவாதம். வகுப்புகள் இணையவழியில் தொடங்கியபோது இவர் குடும்பத்துக்காகக் கடையில் வேலைக்கு நின்றுவிட்டார். “மறுகா போகலாம் எண்டுதான் நினைச்ச நான், அப்படியே விட்டுப்போயிட்டு” என்றார்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சொல்வதற்கு ஒழுங்கு வேண்டும். வரியில் ஐந்து விபரம் வந்தால் போதும்: எந்தப் பட்டம், எங்கே, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எவ்வளவு முடிந்தது, இப்போதைய நிலை என்ன. முதல் இரண்டும் எளிது. முடிந்த வருடத்தை எழுதத்தான் கை வராது. எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் வெறுமையாக விட்ட இடத்தை வாசிப்பவர் தன் ஊகத்தால் நிரப்புவார்.

எவ்வளவு முடிந்தது என்பதைக் கிரெடிட்டில் எழுதுவதுதான் நல்லது. ‘இரண்டரை வருடம் படித்தேன்’ என்றால் பாஸ் பண்ணினாரா, சும்மா இருந்தாரா என்று தெரியாது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். செமஸ்டருக்குப் பதினைந்து என்று வைத்தால் நான்கு செமஸ்டருக்கு 60. தம்பியின் பெறுபேறுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தோம். ரிப்பீட் பாடத்தின் 3 கிரெடிட்டைக் கழித்தால் 57. அவருக்கே அந்த எண் புதிது. தான் ஒன்றுமே முடிக்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த இடத்தில் இப்படி எழுதினோம்:

> 2017–2020: வணிக நிர்வாகச் சிறப்புமாணிப் பட்டப்படிப்பு, கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலை. நிறைவு செய்யவில்லை. முதல் இரண்டு வருடப் பாடங்களில் 57 கிரெடிட் சித்தி (மொத்தம் 120). நிதிக் கணக்கியல், கிரயக் கணக்கியல் உட்பட. பெறுபேற்று ஆவணம் காட்ட முடியும்.

கணக்கியல் பாடங்களின் பெயரைப் போட்டது வேலைக்காகத்தான். மற்ற வேலை என்றால் அதற்குப் பொருத்தமான இரண்டு பாடம் போதும், முழுப் பட்டியலையும் இறக்கக்கூடாது. இந்த வரி சீவியின் உச்சியிலும் இருக்கவில்லை, ‘ஏனைய விபரங்கள்’ என்ற மூலையிலும் இருக்கவில்லை. கல்விப் பகுதியில் வருட ஒழுங்குப்படி, உயர்தரத்தின் அதே எழுத்தளவில் இருந்தது. கடை அனுபவத்தை முதலாம் பக்கத்தின் மேலே கொண்டுவந்தோம். சரக்குப் புத்தகம், கடன் வாடிக்கையாளர் பேரேடு, பின்திகதியிட்ட காசோலைகளின் பதிவு, மாத இறுதியில் வங்கிக் கணக்கிணக்கம் என்று செய்த வேலையை வேலையாகவே எழுதினோம். உண்மையில் அந்த ஆளின் பலம் அங்கேதான் இருந்தது.

‘பெறுபேற்று ஆவணம் காட்ட முடியும்’ என்று எழுதுமுன் அது கையில் இருக்கவேண்டும். பாதியில் விட்டவருக்கும் எழுதிய பரீட்சைகளின் பெறுபேறுகள் பரீட்சைக் கிளையில் பதிவில் இருக்கின்றன. அங்கே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி எடுக்கவேண்டும். பெரும்பாலும் மறிப்பது நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காத புத்தகமோ, விடுதிப் பாக்கியோதான். அதை முதலில் தீர்த்துவிட்டுப் போனால் அலைச்சல் குறையும். செமஸ்டர் முடிவு வந்தபோது அறிவித்தல் பலகையில் எடுத்த கைபேசிப் படத்தை நேர்முகத்தேர்வில் நீட்டுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், அதை யாரும் ஆவணமாக எடுப்பதில்லை.

இன்னொரு விடயத்திலும் அவசரப்படக்கூடாது. தகைமைகள் சட்டகத்தில் 30 கிரெடிட் அளவு டிப்ளோமா மட்டத்திலும், 60 கிரெடிட் அளவு உயர் டிப்ளோமா மட்டத்திலும் வரும். இதைக் கேள்விப்பட்டவுடன் சிலர் ‘டிப்ளோமாவுக்குச் சமமானது’ என்று தாங்களாகவே எழுதிவிடுகிறார்கள். அது கூடாது. இடையில் வெளியேறுபவருக்கு அப்படி ஒரு சான்றிதழ் கொடுப்பதா, எந்த நிபந்தனையில் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின், அந்தந்தப் பட்டத்தின் ஒழுங்குவிதியைப் பொறுத்தது. கொடுத்தால் அது முடித்த தகைமை, தைரியமாகத் தனி வரியில் எழுதலாம். கொடுக்காதவரை கிரெடிட் எண்தான் உங்களுடையது. தம்பி அந்த 60க்கு ஒரே ஒரு பாடத்தால் குறைந்து நின்றார் என்பதைப் பார்த்தபோது எனக்கே மனம் கனத்தது.

கட்டம் கட்டமாகப் பரீட்சை வைக்கிற தொழில்சார் படிப்புகளில் இந்தச் சிக்கல் குறைவு. கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் பரீட்சையில் முதல் நிலை சித்தி என்றால் அது முடிந்த விடயம், ‘முதல் நிலை சித்தி’ என்று வருடத்துடன் எழுதலாம். முழுப் படிப்பின் பெயரை எழுதி ‘ரீடிங்’ போடுவதால் கையில் உள்ள சித்தியும் சேர்ந்து மறைந்துபோகிறது.

அரச விண்ணப்பப் படிவம் வேறு

சீவியில் நாமே இடத்தைத் தீர்மானிக்கலாம். வர்த்தமானி அறிவித்தலுக்கு அனுப்புகிற படிவத்தில் அப்படியில்லை. பட்டம் என்ற கூட்டில் பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம், வகுப்பு, பட்டம் செல்லுபடியாகும் திகதி என்று கேட்பார்கள். அந்தத் திகதி இல்லாதவர் அந்தக் கூட்டில் எதையும் எழுதக்கூடாது, கோடு போட்டுவிடவேண்டும். பாதிப் படிப்பை எழுத விரும்பினால் ‘ஏனைய தகைமைகள்’ கூட்டில் மேலே சொன்ன மாதிரி எழுதலாம். படிவத்தின் அடியில், விபரம் பொய்யென்று நியமனத்துக்கு முன் தெரிந்தால் தகுதியிழப்பு, பின் தெரிந்தால் பணிநீக்கம் என்று ஒரு உறுதியுரையில் கையொப்பம் வைக்கிறோம். அதை வாசிக்காமலே வைக்கிறவர்கள் அதிகம். வேலை கிடைத்துப் பல வருடம் கழித்து, பதவி உயர்வுக்காகக் கோப்பைத் திறக்கிற நேரத்தில்கூட அந்தக் கூட்டில் எழுதியது திரும்பி வரலாம்.

கட்டாருக்கோ சவூதிக்கோ போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே பட்டம் கேட்கும் வேலைக்குச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்திக் கொண்டுவரச் சொல்வார்கள். சான்றிதழே இல்லாத பட்டத்தை எந்த அலுவலகமும் அத்தாட்சிப்படுத்தாது.

காரணத்தை எவ்வளவு சொல்வது?

சீவியில் காரணம் எழுதத் தேவையில்லை. ‘நிறைவு செய்யவில்லை’ போதும். நேரில் கேட்டால் இரண்டு வசனம்: ஏன் விட்டீர்கள், அந்தக் காரணம் இப்போது எப்படி இருக்கிறது. இரண்டாவது வசனத்தை அநேகமானோர் விட்டுவிடுகிறார்கள், கேட்கிறவருக்கு வேண்டியதோ அதுதான். தம்பியுடன் பழகிப் பார்த்தது இப்படி: “2020இல் அப்பாவுக்கு வருத்தம் வந்தது, வீட்டுக்கு உழைக்கவேண்டி இருந்ததால் நிறுத்தினேன். இப்போது தங்கச்சி அவரைப் பார்த்துக்கொள்கிறா, எனக்கு முழுநேர வேலைக்குத் தடையில்லை.” இதற்கு மேல் ஆஸ்பத்திரிக் கதை, கொழும்புக்குக் கொண்டுபோன கதை எல்லாம் தேவையில்லை. நீளமாகச் சொன்னால் கேட்பவர் அனுதாபப்படுவார், ஆனால் நேரம் போய்விடும், உங்கள் வேலையைப் பற்றிப் பேச இடமிருக்காது.

எல்லோருடைய காரணமும் சபையில் சொல்லக்கூடியதாக இருக்காது. பகிடிவதை தாங்காமல் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 1998இலேயே அதற்கெதிராகச் சட்டம் வந்தும் இன்னும் அதனால் படிப்பை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனநலம் சரியில்லாமல் நின்றவர்கள், கலியாணம் செய்து நின்ற பெண் பிள்ளைகள், பாடம் பிடிக்காமலே நின்றவர்களும் உண்டு. இவர்களில் யாரும் அந்நியர் மூன்று பேர் முன்னால் எல்லாவற்றையும் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அதற்காகத் தகப்பனுக்கு வருத்தம் என்று இல்லாத கதை சொல்லவும் வேண்டாம், ஊர் சிறியது. “தனிப்பட்ட காரணத்தால் தொடர முடியவில்லை, அது முடிந்துபோன விடயம், வேலைக்குத் தடையில்லை” என்று நிதானமாகச் சொன்னால் பெரும்பாலானோர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பாடம் பிடிக்கவில்லை என்பதையும் அப்படியே சொல்லலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அந்த வரியை முழுதாக விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டு மாதம் போய், ஒரு பரீட்சையும் எழுதாமல் வந்திருந்தால் விடலாம், சீவி ஒரு சத்தியக்கடதாசி இல்லை. ஆனால் படித்த நிறுவனங்கள் எல்லாவற்றையும் தரச்சொல்லி படிவம் கேட்டால் எழுதவேண்டும். அந்தப் படிப்பு ஒரு வருடத்துக்கு மேல் இடத்தைப் பிடித்திருந்தாலும் எழுதுவதே நல்லது என்பது என் எண்ணம். தம்பியின் விடயத்தில் எடுத்துவிட்டால் 2017 முதல் 2020 வரை ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றிடம் வந்திருக்கும். அதைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

அடுத்த நேர்முகத்தேர்வு அவருக்கு அம்பாறை மாவட்டத்தில் ஒரு தனியார் இடத்தில் நடந்தது. நான் அங்கே இல்லை, அவர் வந்து சொன்னதுதான். கம்பஸ் வரியைப் பார்த்துவிட்டு, “திரும்பப் போற எண்ணம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்களாம். “பதிவு இன்னும் இருக்குதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், ரிப்பீட் பாடத்தை எழுத விட்டால் எழுதுவேன், பரீட்சை நாளுக்கு மட்டும் லீவு தேவைப்படும்” என்றாராம். பிறகு முழு நேரமும் பின்திகதிக் காசோலை திரும்பி வந்தால் பேரேட்டில் என்ன செய்வீர்கள் என்பதிலேயே போனதாம். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறார்.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. பட்டத்தை முடிப்பதற்கு உச்சக் கால எல்லை உண்டு, ஒத்திவைக்க அனுமதி எடுக்காமல் நின்றவருக்குப் பதிவே போயிருக்கவும் கூடும். இன்றைக்குப் படித்துக்கொண்டிருந்து நிறுத்த யோசிக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சும்மா வீட்டில் நின்றுவிடாதீர்கள், உங்கள் பீடத்தின் உதவிப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி ஒத்திவைப்பு கேளுங்கள், பதிலின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கடிதம் இருந்தால் சீவியில் ‘நிறைவு செய்யவில்லை’ என்ற இடத்தில் ‘அனுமதியுடன் ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதலாம், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டவும் முடியும்.